160 மன்னிப்புச் செய்திகள், நான்கு வழிகள்: அனுப்புமுன் யார், எதைப் படிப்பது?

கோவை கணபதிப் பக்கம் சப்மெர்சிபிள் மோட்டார் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கோடை தொடங்கும் நேரத்தில் விற்ற மோட்டார்களில் ஒரு பகுதி, போர்வெல்லில் இறக்கிய சில வாரங்களிலேயே கருகிவிட்டன. பல்லடம், தாராபுரம், உடுமலை, கிணத்துக்கடவு என்று நாலாபுறமும் இருந்து புகார் வருகிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வருத்தம் தெரிவித்துத் தனித்தனியாக எழுத வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். விற்பனைப் பிரதிநிதிகளும் சர்வீஸ் ஆட்களும் கணக்குப் பிரிவினரும் அவரவர் பங்குக்கு எழுதியதில் 160 வரைவுகள் சேர்ந்துள்ளன. சில வாட்ஸ்அப் செய்திகள், சில மின்னஞ்சல்கள், மீதி நிறுவனத் தாளில் அச்சிட்டுக் கையெழுத்திட வேண்டிய கடிதங்கள். இரண்டு நாளில் அனுப்பியாக வேண்டும். இவற்றில் எந்த ஒன்றும், எழுதியவர் நினைக்காமலேயே, நிறுவனத்தின் சட்டப் பொறுப்பை ஒப்புக்கொண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே கேள்வி.

இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லா வரைவுகளையும் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடலாம். ஆபத்தான சொற்களைப் பட்டியலிட்டுக் கணினியில் தேடலாம். தனித்தனி வரைவுகளை ஒதுக்கிவிட்டு ஒரே வாசகத்தை எல்லோருக்கும் அனுப்பலாம். அல்லது பெறுபவர் என்ன இழந்தார் என்பதை வைத்து முதலில் பிரித்து, குவியலுக்கு ஏற்றபடி வெவ்வேறு ஆட்கள் படிக்கலாம். என் பரிந்துரை நான்காவது வழி. ஆனால் ஏன் என்று விளங்க, ஒப்புதல் என்று சட்டம் எதைக் கருதுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய சாக்ஷிய அதினியம், 2023. அதன் 15-ஆம் பிரிவின்படி, வழக்கில் தீர்மானிக்கப்பட வேண்டிய ஓர் உண்மையைக் குறித்து ஏதேனும் ஓர் அனுமானத்துக்கு இடம்தரும் கூற்று, வாய்மொழியாகவோ எழுத்திலோ மின்னணு வடிவிலோ இருந்தாலும், ஒப்புதல் ஆகலாம். 16-ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அதிகாரம் பெற்ற முகவரின் கூற்றையும் இதில் சேர்க்கிறது. ஆகவே தாராபுரம் பகுதிக்கான விற்பனைப் பிரதிநிதி தன் கைப்பேசியிலிருந்து அனுப்பியது தனிப்பட்ட பேச்சு என்று பின்னால் ஒதுக்கிவிடுவது எளிதல்ல. ஒப்புதல் முடிவான சான்று அல்ல என்று 25-ஆம் பிரிவு சொல்வது ஓரளவு ஆறுதல்தான். சொன்னது உண்மையல்ல என்று நிறுவனம் பிறகு காட்டலாம். ஆனால் அந்தச் சுமை அதன் தலையில் வந்து விழுகிறது. ஒப்புதல் தெளிவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் இருந்தால், முழு விசாரணைக்குக் காத்திராமல் அதன் அடிப்படையிலேயே தீர்ப்பு வழங்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 12-ஆம் கட்டளை, 6-ஆம் விதி நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

இந்த விதிகளில் எங்கும் மன்னிப்பு என்ற சொல்லுக்குத் தனி இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வருத்தம் தெரிவிப்பது மட்டுமே ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குவதில்லை. அதே சமயம் வருத்தத்தோடு சேர்ந்து வந்தது என்பதற்காக ஓர் ஒப்புதல் மன்னிக்கப்படுவதும் இல்லை. ஆபத்து, வருத்தத்துக்கு அடுத்து வரும் வாக்கியத்தில் இருக்கிறது.

ஒரு வரைவை எடுத்துப் படித்தால்

தாராபுரம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருந்த விவசாயி ஒருவருக்கு எழுதப்பட்ட வரைவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “வணக்கங்கண்ணா. மோட்டார் நின்னு போனதுக்கு ரொம்ப வருத்தப்படறோமுங்க. அந்த லாட்டுல கம்பி சரியில்லீங்க, இன்னும் பல பேருக்கு இப்படித்தான் ஆயிருச்சு. உங்க வெங்காயத்துக்கு ஆன நட்டத்தைக் கம்பெனி பாத்துக்குமுங்க, நீங்க கவலைப்படாதீங்க.”

எழுதியவருக்கு நல்ல மனசு என்பதில் சந்தேகமில்லை. இதில் தப்பு என்ற சொல்லும் இல்லை, கவனக்குறைவு என்ற சொல்லும் இல்லை, பொறுப்பு என்ற சொல்லும் இல்லை. ஆயினும் மூன்று வேறு வேறு ஒப்புதல்கள் இருக்கின்றன.

முதலாவது, காரணம். “கம்பி சரியில்லீங்க” என்பது வைண்டிங் கம்பியின் காப்புறையில் குறை இருந்தது என்ற உண்மைக் கூற்று. இப்படி எழுதிய நாளில் அது நிறுவனத்துக்கே தெரியாமல் இருக்கக்கூடும். சப்மெர்சிபிள் மோட்டார் கருகுவதற்குக் கம்பியின் காப்புறை ஒரு காரணம். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் விடுபடுவது, மின்னழுத்தம் குறைவது, நீர்மட்டம் இறங்கித் தண்ணீரில்லாமல் ஓடுவது, இறக்குவதற்கு முன் மோட்டாருக்குள் தண்ணீர் நிரப்பாமல் விட்டது ஆகியவையும் காரணங்களே. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் சுருள்கள் கருகி ஒன்று மட்டும் நன்றாக இருந்தால், பேஸ் விடுபட்டதைச் சந்தேகிக்கலாம். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க ஓரிடத்தில் மட்டும் துளைத்தது போல் காப்புறை உடைந்திருந்தால், கம்பியைச் சந்தேகிக்கலாம். பிரிக்காத மோட்டாருக்குக் காரணம் எழுதுவது, உண்மையையே சொல்ல விரும்புகிறவருக்கும் பொருந்தாத செயல்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வரைவுகளைச் சரிபார்ப்பவர்களில் பலர் “எங்கள் கவனக்குறைவால்” என்பதை அடித்துவிட்டு, “கம்பி சரியில்லை” என்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவின்படி, பொருளில் உற்பத்திக் குறை இருந்து அதனால் பாதிப்பு நேர்ந்தது என்று நிறுவப்பட்டாலே உற்பத்தியாளர்மீது பொறுப்பு எழலாம். கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே அடிக்கப்பட்ட சொல்லைவிட அடிக்காமல் விட்ட சொல்லே இந்தச் சட்டத்தின் கீழ் கனமானது.

இரண்டாவது, அறிந்திருந்தது. “இன்னும் பல பேருக்கு இப்படித்தான் ஆயிருச்சு” என்பது ஆறுதலுக்குச் சொன்னது. அதைக் கையில் வைத்திருக்கும் எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்வி, எந்தத் தேதியிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்பதுதான். அந்தத் தேதிக்குப் பிறகு அதே லாட்டிலிருந்து ஒரு மோட்டாராவது விற்பனைக்குப் போயிருந்தால் வழக்கின் தன்மையே மாறிவிடும்.

மூன்றாவது, வாக்குறுதி. “நட்டத்தைக் கம்பெனி பாத்துக்குமுங்க” என்ற வாக்கியம்தான் இந்த வரைவில் மிக விலை உயர்ந்தது. வாரண்டி அட்டைகள் பெரும்பாலும் மோட்டாரைச் சரிசெய்தோ மாற்றியோ தருவதோடு நின்றுவிடும். அதைத் தொடர்ந்து வரும் இழப்புகளுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று எழுதியே இருக்கும். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பொருள் பொறுப்பில் பாதிப்பு என்பதை வரையறுக்கும்போது, அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும், வணிக, பொருளாதார இழப்பையும் விலக்கி வைக்கிறது. காய்ந்துபோன வெங்காயம் சொத்துச் சேதமா, பொருளாதார இழப்பா என்பது இரு தரப்பும் வாதாடக்கூடிய கேள்வி. அந்த வாதத்துக்கு இடம் இருக்கும்போதே, அது தேவையில்லை என்று இந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. கொடுக்க வேண்டும் என்று முதலாளி முடிவெடுத்தால் கொடுக்கட்டும், அது வேறு. விற்பனைப் பிரதிநிதியின் இரக்கம் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது.

நான்காவதாக ஒரு வகை உண்டு. அது விவசாயிகளுக்கான வரைவுகளில் குறைவாகவும், சப்ளையர்களுக்கான கடிதங்களில் அதிகமாகவும் வரும்: தொகை அல்லது கடன். அதைப் பிறகு பார்ப்போம். இப்படிக் காரணம், அறிந்திருந்தது, வாக்குறுதி, தொகை என்ற நான்கையும் எந்த வழி எந்த அளவுக்குப் பிடிக்கிறது என்பதே ஒப்பீட்டுக்கான அளவுகோல்.

முதல் மூன்று வழிகள்

எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் கொடுப்பது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஒரு வரைவுக்கு ஐந்து நிமிடம் என்றால் 160 வரைவுகளுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்; நீதிமன்ற வேலைக்கு நடுவே இரண்டு நாளில் இது முடியாது, முடிந்தாலும் கடைசி அறுபதை அவர் முதல் அறுபதைப் போல் படித்திருக்க மாட்டார். ஆனால் நேரத்தைவிடப் பெரிய குறை வேறு. எந்த மோட்டார் பிரித்துப் பார்க்கப்பட்டது, எது இன்னும் போருக்குள்ளேயே கிடக்கிறது என்பது வழக்கறிஞருக்குத் தெரியாது. ஆகவே காரணம் சொல்லும் எல்லா வாக்கியங்களையும் அவர் ஒரேமாதிரி அடித்துவிடுவார், உண்மையென்று தெரிந்து எழுதப்பட்டவற்றையும் சேர்த்து. மிஞ்சுவது நோட்டீசுக்குப் பதில் போன்ற ஒரு வாசகம். “தங்கள் புகார் பெறப்பட்டது, அதன் உள்ளடக்கங்கள் மறுக்கப்படுகின்றன” என்ற கடிதம் பெற்ற பல்லடத்து விவசாயி, அன்று வரை நினைக்காதிருந்தாலும், மறுநாள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும் வழியை விசாரிப்பார். வழக்கைத் தவிர்க்கச் செய்த வேலை வழக்கை அழைத்து வரக் கூடாது.

சொல் தேடல் மலிவானது, விரைவானது, பெரும்பாலும் பயனற்றது. மேலே உள்ள வெங்காய வரைவை அது கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும் என்பதே போதுமான சான்று. தப்பு, தவறு, பொறுப்பு, கவனக்குறைவு என்று பட்டியல் போட்டாலும், பிரதிநிதிகளில் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள். ஒரே சொல்லுக்கு நாலு எழுத்துக்கூட்டல். குரல் செய்தியாகப் பதிந்து அனுப்புவதைத் தேடல் தொடவே தொடாது. மறுபுறம், வருத்தம், மன்னிக்கவும் என்பவற்றைப் பட்டியலில் சேர்த்தால் 160-உம் மாட்டிக்கொள்ளும். எல்லாமே மன்னிப்புச் செய்திகள்தானே. தேடலுக்கு ஓர் இடம் உண்டு: மற்ற வேலையெல்லாம் முடிந்து, அனுப்புவதற்கு முன்பான கடைசி வலையாக. அப்போதும் தேட வேண்டியது குற்றச் சொற்களை அல்ல. லாட், பேட்ச், கம்பி, நட்டம், ஈடு, பாக்கி, ரூ. போன்ற உண்மையையும் பணத்தையும் குறிக்கும் சொற்களையும், எல்லா எண்களையும்தான்.

ஒரே வாசகம் என்ற மூன்றாவது வழிக்கு உண்மையான வலிமை உண்டு. ஒருமுறை கவனமாக எழுதி, வழக்கறிஞர் ஒருமுறை பார்த்துவிட்டால், யாருடைய இரக்கமும் யாருடைய அவசரமும் உள்ளே புக வழியில்லை. பாதிப்பு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இடங்களில் இதுவே சிறந்தது. நம் 160 அப்படிப்பட்டதல்ல. மோட்டாரை மறுநாளே மாற்றிக்கொடுத்துவிட்ட வீட்டுக்காரரும், தக்காளி முழுவதும் காய்ந்துபோனவரும் ஒரே கடிதத்தைப் பெற்றால், கிணத்துக்கடவு டீக்கடையில் இரண்டு கைப்பேசிகளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படும். இழந்தவர் அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதோடு, பொது வாசகத்தில் ஒரு பிழை இருந்தால் அது 160 பிழைகள்.

இந்த வழியில் இன்னொரு பொறி இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்த மன்னிப்பு வாசகத்தைத் தமிழாக்கிப் பயன்படுத்துவது உண்டு. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்போ நிவாரணம் தர முன்வருவதோ தன்னளவில் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்கிறது. ஹாங்காங்கில் 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மன்னிப்புச் சட்டம் அதைவிட அகலமானது. தவறை ஒப்புக்கொள்ளும் மன்னிப்புக்கும் அது பாதுகாப்புத் தருகிறது. அத்தகைய சட்டத்தின் நிழலில் எழுதப்பட்ட வாசகம் தாராளமாக இருப்பதில் வியப்பில்லை. இந்தியாவில் அப்படிப் பொதுவாகப் பொருந்தும் மன்னிப்புச் சட்டம் எதுவும் இல்லை. அதே தாராளம் இங்கே வெயிலில் நிற்கும்.

இங்கேயே ஒரு குறுக்குவழியையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் “உரிமைகளுக்குப் பங்கமின்றி” என்று அச்சடித்துவிட்டால் போதும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதினியத்தின் 21-ஆம் பிரிவு, சான்றாகக் காட்டக் கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனையுடன் செய்யப்பட்ட, அல்லது இரு தரப்பும் அப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று நீதிமன்றம் ஊகிக்கக்கூடிய சூழலில் செய்யப்பட்ட ஒப்புதலை உரிமையியல் வழக்குகளில் விலக்கி வைக்கிறது. தகராறு எழுந்து சமரசப் பேச்சு நடக்கும்போது இது நன்றாகப் பயன்படும். பேச்சுவார்த்தையே தொடங்காத நிலையில், யாரும் கேட்காத நேரத்தில், தானாக அனுப்பும் மன்னிப்பின் தலையில் அதை ஒட்டினால் அது தானாகக் காப்பாற்றும் என்று நம்பி உள்ளே கவனமின்றி எழுதுவது சரியல்ல. மேலும், மாற்று மோட்டார் தருகிறோம் என்று நாங்கள் முதலிலேயே சொன்னோம் என்று பின்னால் ஆணையத்தில் காட்ட விரும்பினால், சொந்த முத்திரையே குறுக்கே நிற்கலாம்.

பிரித்துப் படிப்பது

நான்காவது வழியில் முதல் வேலை படிப்பது அல்ல, பிரிப்பது. வரைவுகளைத் திறக்காமலேயே, பெறுபவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு சர்வீஸ் தலைவரும் கணக்கரும் உட்கார்ந்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். மோட்டார் போனது, வாரண்டியில் மாற்றிக் கொடுத்தாகிவிட்டது, வேறு இழப்பு எதுவும் சொல்லப்படவில்லை என்பவர்கள் ஒரு குவியல்; நம் எடுத்துக்காட்டில் 95 பேர் என்று கொள்வோம். பயிர் காய்ந்தவர்கள், வெளியில் கொடுத்து ரீவைண்டிங் செய்து பணம் செலவழித்தவர்கள், கழற்றும்போது மோட்டார் போருக்குள் மாட்டிக்கொண்டு போரையே இழந்தவர்கள், யாருக்காவது மின்சாரம் தாக்கியதாகவோ காயம்பட்டதாகவோ பேச்சிருப்பவர்கள் இரண்டாவது குவியல், 30 பேர். டீலர்கள், வார்ப்படம் ஊற்றித் தரும் பவுண்டரிகள், ஜாப் ஒர்க் செய்பவர்கள் மூன்றாவது, 35 பேர். எந்தக் குவியல் என்று ஐயம் வந்தால் இரண்டாவதில் போட வேண்டும்.

முதல் குவியலுக்கு மூன்றாவது வழியே போதும், இரண்டு மூன்று மாற்று வடிவங்களுடன். அங்கே தனி வரைவுகளைப் படித்துத் திருத்த மெனக்கெட வேண்டாம். பிரதிநிதி பெயரையும் ஊரையும் மாற்றி அனுப்பலாம். சொந்த வரி சேர்க்கக் கூடாது என்ற ஒரே விதி போதுமானது.

இரண்டாவது குவியலைத்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரைவிலிருந்தும் காரணம் சொல்லும் வரி, அறிந்திருந்ததைக் காட்டும் வரி, வாக்குறுதி, தொகை, யார் அனுப்புகிறார் என்பவற்றைத் தனித்தனிக் கட்டத்தில் எடுத்து எழுதினால், வரைவைத் தனியாகப் படித்தபோது தெரியாத ஒன்று தெரியவரும். அவை ஒன்றோடொன்று முரண்படும். உடுமலைக்காரருக்குப் போகும் வரைவு “அந்த லாட்டுல கம்பி சரியில்லை” என்கிறது. அதே வாரம் காங்கயத்துக்காரருக்குப் போகும் வரைவு “இதுவரை இப்படி ஒரு புகார் வந்ததே இல்லை” என்கிறது. இரண்டாவது வரியை எழுதியவர் நிறுவனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். உண்மையில் 30 வரைவுகளிலும் ஆபத்தானது அதுதான். ஒப்புதலையாவது விளக்கலாம், பொய்யை விளக்க முடியாது, அதன் பிறகு நிறுவனம் சொல்லும் உண்மைக் காரணங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் மூன்று வழிகளில் எதுவும் இந்த முரண்பாட்டைப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அவை ஒவ்வொரு செய்தியையும் தனியாகப் பார்க்கின்றன, அல்லது செய்தியையே ஒழித்துவிடுகின்றன.

இந்தக் குவியலில் எதையும் அனுப்புவதற்கு முன் காப்பீட்டு ஆவணத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பொருள் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ ஈடு தருவதாகச் சொல்லவோ கூடாது என்ற நிபந்தனை அதில் வழக்கமாக இருக்கும். “நட்டத்தைக் கம்பெனி பாத்துக்குமுங்க” என்ற வரி, நட்டத்தை விவசாயிக்குக் கொடுக்க வைப்பதோடு, அதைக் காப்பீட்டிலிருந்து திரும்பப் பெறும் வழியையும் அடைத்துவிடக்கூடும்.

காப்பீட்டாளருக்குத் தகவல் சொன்னபின், வெங்காய விவசாயிக்கான செய்தியைச் சர்வீஸ் தலைவர் திருத்தி, வழக்கறிஞர் பார்த்து அனுப்பக்கூடிய வடிவம் ஏறக்குறைய இப்படி அமையும்: “வணக்கங்கண்ணா. வெங்காயத்துக்குத் தண்ணி தேவைப்படற நேரத்துல மோட்டார் நின்னு போனது உங்களுக்கு எவ்வளவு சிரமம்னு எங்களுக்குத் தெரியுதுங்க. அதுக்கு ரொம்ப வருத்தப்படறோம். நாளைக்குக் காலைல எங்க ஆளுங்க வந்து மோட்டாரைக் கழட்டுவாங்க, வாரண்டிப்படி வேற மோட்டார் இறக்கித் தர்றோமுங்க, அதுக்குக் காசு வேண்டாம். கழட்டின மோட்டாரை உங்க முன்னாலேயோ, நீங்க சொல்ற ஆள் முன்னாலேயோ பிரிச்சுப் பாத்து, என்ன காரணம்னு எழுத்துலயே தர்றோமுங்க. வெங்காயத்தைப் பத்தி நீங்க சொன்னதைக் குறிச்சு வெச்சிருக்கோம். காரணம் தெரிஞ்சதும் ஆபீஸ்ல இருந்து உங்ககிட்டப் பேசுவாங்க.”

இதில் வருத்தம் குறையவில்லை, கூடியிருக்கிறது. பழைய வரைவில் இல்லாத நாள், வேலை, எழுத்துப்பூர்வமான பதில் ஆகியவை வந்திருக்கின்றன. வாரண்டியில் ஏற்கெனவே கடமைப்பட்டதைச் செய்வதாகச் சொல்வது புதிய பொறுப்பை ஏற்பது ஆகாது. வெங்காயத்தைப் பற்றி மறுப்பும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. முறையீடு பதிவானது என்ற உண்மை மட்டும் இருக்கிறது. வழக்கறிஞர் தனியாக இதை எழுதியிருக்க மாட்டார், பிரதிநிதியும் தனியாக எழுதியிருக்க மாட்டார்.

மூன்றாவது குவியல் வேறு தினுசு. அங்கே மன்னிப்பு கேட்கப்படுவது கருகிய மோட்டாருக்காக மட்டும் அல்ல. திரும்பி வந்த சரக்கால் பணம் முடங்கிப்போய், சப்ளையர்களுக்குத் தர வேண்டியது தள்ளிப்போகிறது, கணக்குப் பிரிவு பணிவாக எழுதுகிறது: “தங்கள் நிலுவையை நாங்கள் மறந்துவிடவில்லை. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டுகிறோம்.” இந்த இரண்டு வரியை யாரும் ஆபத்தானதாக நினைப்பதில்லை. காலவரையறைச் சட்டம், 1963-இன் 18-ஆம் பிரிவைப் படித்தவர் நினைப்பார். காலவரம்பு முடிவதற்கு முன்பாக, பொறுப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். தொகையைக் குறிப்பிடத் தேவையில்லை. இப்போது தர இயலாது என்று மறுத்து எழுதினாலும் ஒப்புகை ஒப்புகைதான். அதிகாரம் பெற்ற முகவரின் கையெழுத்தும் போதும். மின்னஞ்சலில் வந்த ஒப்புகையையும் நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். கடன் தவணை எதுவும் பேசாமல் ஒரு பவுண்டரி 2023 ஜூன் மாதம் இறக்கிய வார்ப்படத்தில் ஒரு பகுதி ஓட்டையாக இருந்ததென்று நிறுவனம் ஏற்க மறுத்து, அந்தப் பில் இழுபறியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு, அதாவது 2026 ஜூனில் வழக்குத் தொடுக்கும் காலம் முடியும். 2026 ஏப்ரலில் மேற்கண்ட மன்னிப்புக் கடிதம் கையெழுத்தாகிப் போனால், பவுண்டரிக்கு 2029 ஏப்ரல் வரை காலம் கிடைத்துவிடுகிறது. அதோடு, அந்தப் பில்லில் தகராறு இருந்ததே இல்லை என்று அவர்கள் வாதிடவும் அதுவே துணையாகும். பவுண்டரி குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி தவணை பேசாத நிலையில் 15 நாளுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. தாமதமாகிவிட்டது என்று நிறுவனமே எழுதிக் கொடுத்த கடிதம் அந்தக் கோரிக்கையின் முதல் இணைப்பாக நிற்கும்.

தகராறு இல்லாத பாக்கிக்கு இந்த எச்சரிக்கை எதுவும் வேண்டாம். தர வேண்டியதைத் தருகிறோம் என்று எழுதுவதில் இழக்க ஒன்றுமில்லை. சப்ளையரின் கழுத்தைக் காலவரம்பால் நெரிப்பது தொழில் செய்கிறவருக்கு அழகும் அல்ல. தகராறு உள்ளவற்றில் மட்டும், எந்தப் பில் ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை என்று பெயர் சொல்லிப் பிரித்து எழுத வேண்டும்: “2023 ஜூன் மாதச் சரக்குப் பற்றி நாங்கள் எழுப்பிய தரப் புகார் அப்படியே நிலுவையில் உள்ளது, அது நீங்கலாக மற்ற பில்களுக்கான பணம் தாமதமாவதற்கு வருந்துகிறோம்.” இதைக் கணக்கர் எழுதி வழக்கறிஞர் பார்க்க வேண்டும். 35 கடிதங்களில் தகராறு உள்ளவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுவதே வழக்கம். ஆக மொத்தம் வழக்கறிஞர் மேசைக்குப் போவது பொது வாசகம், இரண்டாவது குவியலின் முப்பது, மூன்றாவதில் சில. அதை அவர் ஒரு மாலையில் நிதானமாகப் படித்துவிடலாம்.

எப்போது வேறு வழி

நான்காவது வழிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பிரிப்பவர்களுக்கு ஊரும் ஆட்களும் தெரிந்திருக்க வேண்டும். பயிர் காய்ந்த செய்தி அலுவலகத்துக்கே வந்துசேராமல் இருந்தால் அந்த விவசாயி முதல் குவியலில் போய் விழுவார். ஆகவே பிரிப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்படுகிறது. கேட்பதற்கு மட்டும், விளக்கம் சொல்வதற்கு அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் 160 அல்ல, சில ஆயிரம் பேர் என்றால் இது நடக்காது. அப்போது மூன்றாவது வழியை எடுத்து, இழப்பு உள்ளவர்கள் தாமாகத் தெரிவிக்க ஒரு எண்ணைச் செய்தியிலேயே கொடுத்து, அதில் அழைப்பவர்களை மட்டும் இரண்டாவது குவியலாக நடத்தலாம். யாராவது உயிரிழந்திருந்தாலோ, போலீஸ் வழக்குப் பதிவாகியிருந்தாலோ, வக்கீல் நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தாலோ, அந்தப் பெயர்களைக் குவியலிலிருந்தே எடுத்து முதல் வழிக்கு மாற்றிவிட வேண்டும். அங்கே கடிதத்தின் குளிர்ச்சி இரண்டாம்பட்சம்.

பிரித்துப் பார்த்த மோட்டார்களில் குறை கம்பியில்தான் என்று உறுதியானால் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தச் சரிபார்ப்பு தற்செயலான ஒப்புதலைத் தடுப்பதற்கானது. தெரிந்த உண்மையைப் புதைப்பதற்கானது அல்ல. வேண்டுமென்றே தகவலை மறைப்பதையே 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சேவைக் குறைபாட்டின் வரையறையில் சேர்த்திருக்கிறது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரமும் உண்டு. எனவே காரணம் உறுதியான அன்று இரண்டாவது சுற்றுச் செய்தி போக வேண்டும். அதில் காரணம் இருக்கும், லாட் எண் இருக்கும், யாருக்கு என்ன தரப்படும் என்பதும் இருக்கும். அதை முதலாளி கையெழுத்திட, காப்பீட்டாளரும் வழக்கறிஞரும் அறிந்திருப்பார்கள். அதுவரை இறங்கிக் கிடக்கும் அந்த லாட் மோட்டார்களைப் பயன்படுத்துவோருக்கு, மோட்டாரை ஓட்டாமல் நிறுத்தி வைக்கச் சொல்லும் எச்சரிக்கை மட்டும் எந்தச் சரிபார்ப்புக்கும் காத்திராமல் முதல் நாளே போய்விட வேண்டும்.